போயிருக்கிறார் என்றால், இப்போது எங்கே?

"அப்பா ஓ.டி.க்குப் போயிருக்கிறார்." இந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல், தங்கையே. வாய்க்குள் முனகாதே. பக்கத்து அறைக்குக் கேட்கும்படி சொல். "ஹி ஹேஸ் கான் டு தியேட்டர்." சரியாகச் சொன்னாய். அறுவை அரங்கை பிரிட்டன் மருத்துவமனைகளில் தியேட்டர் என்றுதான் சொல்வார்கள். அதுவும் உனக்குத் தெரிந்திருக்கிறது. இப்போது இன்னொன்று: "நான் டெல்லிக்குப் போயிருக்கிறேன்." நேர்முகத் தேர்வில், எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் சொல்கிறாய். "ஐ ஹேவ் கான் டு டெல்லி" என்று வாய் தானாகவே ஓடுகிறது அல்லவா? அங்கேதான் நிற்க வேண்டும். டெல்லிக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை என்பது அந்த ஆங்கில வாக்கியத்தின் பொருள். ஆனால் நீ இங்கே, அவர் கண்முன் உட்கார்ந்திருக்கிறாய். சொல்ல வேண்டியது "ஐ ஹேவ் பீன் டு டெல்லி."

இந்தத் தடுமாற்றத்துக்கு நீ படித்த பள்ளி காரணமில்லை. உன் ஊர் காரணமில்லை. உன் அறிவில் குறையும் இல்லை. தமிழில் "போயிருக்கிறேன்", "போயிருக்கிறார்" இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. போய், இன்னும் அங்கே இருப்பவருக்கும் அதே வடிவம்தான். எப்போதோ போய், பார்த்து, திரும்பி வந்தவருக்கும் அதே வடிவம்தான். எந்தப் பொருள் என்பதைச் சுற்றியிருக்கும் சொற்களை வைத்து நாம் புரிந்துகொள்கிறோம். "ரெண்டு தடவை போயிருக்கார்" என்றால் அவர் திரும்பி வந்துவிட்டார். "போயிருக்கார், சாயங்காலம் வருவார்" என்றால் இன்னும் வரவில்லை. ஆங்கிலம் அப்படி விட்டுவைக்காது. போனவர் திரும்பினாரா இல்லையா என்பதை வினைச்சொல்லிலேயே கேட்கும். திரும்பிவிட்டார் என்றால் "ஹேஸ் பீன் டு". இன்னும் அங்கேயோ வழியிலோ இருக்கிறார் என்றால் "ஹேஸ் கான் டு". தமிழில் ஒற்றைத் தடமாக இருந்த பாதை அங்கே இரண்டாகப் பிரிகிறது. பிரியும் இடம் எது என்று தெரிந்தவளுக்கு நாக்கு நடுங்க வேண்டியதில்லை.

இதை நர்சிங் படித்த பிள்ளைகளுக்காகவே எழுதுகிறேன். பிரிட்டன் வார்டில் வேலை செய்ய ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. தேர்வுக்கு உட்காரும் பிள்ளைகள் நீங்கள். டிரிப் போடுவதில் உங்கள் கை தடுமாறாது. மூச்சுத் திணறும் நோயாளியைப் பார்த்த கணத்தில் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் ஹேண்ட்ஓவர் நேரத்தில் தொண்டை அடைக்கிறது. ஷிஃப்ட் மாறும்போது பதினைந்து இருபது நோயாளிகளின் நிலையை அடுத்து வருபவரிடம் வாயால் ஒப்படைக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் இந்தக் காலவடிவம் உயிரோடு விளையாடுகிறது. பாடப்புத்தகம் பாரிஸ், லண்டன் என்று சுற்றுலா உதாரணங்களைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடும். எனக்கு வார்டுதான் முக்கியம்.

ஒரு காலை நேரத்தைக் கற்பனை செய். ஹேண்ட்ஓவர் பெரும்பாலும் நர்சுகளின் அறையிலோ மேசையைச் சுற்றியோ நடக்கும். கட்டில்கள் அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது. கேட்பவரிடம் இருப்பது உன் குரலும் கையில் உள்ள தாளும் மட்டும். ஏழாம் கட்டிலில் இருப்பவர் சர்க்கரை நோயாளி. வயிற்று ஸ்கேனுக்காக நள்ளிரவு முதல் வெறும் வயிற்றோடு இருக்கிறார். நீ "பெட் செவன் ஹேஸ் பீன் டு அல்ட்ராசவுண்ட்" என்று சொன்னால், அந்த ஒரு வாக்கியத்தில் மூன்று செய்திகள் போய்ச் சேர்கின்றன: ஸ்கேன் முடிந்தது, அவர் கட்டிலுக்குத் திரும்பிவிட்டார், வேறு தடை இல்லையென்றால் இனி அவருக்குச் சாப்பாடு கொடுக்கலாம். "பெட் செவன் ஹேஸ் கான் டு அல்ட்ராசவுண்ட்" என்றால் மூன்றும் மாறிவிடும். கட்டில் காலி. அவரை போர்ட்டர் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். சாப்பாடு இப்போதைக்கு இல்லை.

பெட் செவன் திரும்பி வந்து கட்டிலில் படுத்திருக்கும்போது "போயிருக்கிறார்" என்ற தமிழை நேராக எடுத்து "ஹேஸ் கான்" என்று நீ சொல்லிவிட்டாய் என்று வை. கேட்டவள் என்ன செய்வாள்? அவர் இன்னும் ஸ்கேன் அறையில் இருக்கிறார் என்று நினைத்து மற்ற கட்டில்களைப் பார்க்கப் போவாள். மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினி கிடக்கும் சர்க்கரை நோயாளியின் உணவு இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். அவருக்கு வியர்த்து, கை நடுங்கத் தொடங்கலாம். நல்ல வார்டில் யாராவது கவனித்துவிடுவார்கள். ஆனால் யாராவது கவனிப்பார்கள் என்று நம்பி வேலை செய்ய நீ நர்சாகவில்லை!

அந்தப் பதற்றத்தை விடு. இந்த வித்தியாசம் உனக்குப் புதிது என்று மட்டும் நினைக்காதே. சின்ன வயதில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது "போறேன்" என்று சொன்னால் பாட்டி என்ன சொல்வார்? "அப்படிச் சொல்லாதே, போயிட்டு வரேன்னு சொல்லு" என்பார். திரும்பி வருவதைச் சொல்லாமல் வெறுமனே போவதைச் சொல்வது நம் வீட்டில் அபசகுனம். ஏன்? "அவர் போயிட்டார்" என்றால் நமக்கு வேறு பொருளும் உண்டு. போவதும் போய்வருவதும் ஒன்றில்லை என்பதை நடக்கப் பழகிய வயதிலேயே நீ படித்துவிட்டாய். "ஹேஸ் பீன்" என்பது உன் "போயிட்டு வந்திருக்கார்." "ஹேஸ் கான்" என்பது உன் "போயிருக்கார், இன்னும் வரலை." ஆங்கிலத்தைத் தேடி எங்கும் அலைய வேண்டாம். வாயைத் திறக்கும் முன்பு மனசுக்குள் தமிழில் ஒரு கேள்வி: போயிட்டு வந்துட்டாரா? ஆமாம் என்றால் பீன். இல்லை என்றால் கான்.

அந்த அபசகுனம் ஆங்கிலத்திலும் அப்படியே இருக்கிறது. இதை நீ கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். போன இடத்தைச் சொல்லாமல் "ஹி'ஸ் கான்" என்று மட்டும் சொன்னால், ஆங்கிலம் பேசும் வீட்டாரின் காதில் "இறந்துவிட்டார்" என்று விழக்கூடும். மரணச் செய்தியை மென்மையாகச் சொல்ல அவர்களும் அந்தச் சொல்லைத்தான் எடுப்பார்கள். இரவு பத்து மணிக்கு வார்டு தொலைபேசி அடிக்கிறது என்று வை. மறுமுனையில் நோயாளியின் மகள். "ஹவ் இஸ் மை டாட்?" என்று கேட்கிறாள். அவள் அப்பாவை அறுவை சிகிச்சைக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். நீ அவசரத்தில் "ஓ, ஹி'ஸ் கான்" என்று சொல்லிவிட்டு, தியேட்டர் என்ற சொல்லைத் தேட ஒரு நொடி எடுத்துக்கொண்டால் அந்த ஒரு நொடியில் அந்தப் பெண் உடைந்துபோவாள். எனவே இடத்தை முன்பே மனசில் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் சொல்: "ஹி'ஸ் கான் டு தியேட்டர் ஃபார் ஹிஸ் ஆபரேஷன். ஹி'ல் பி பேக் லேட்டர் டுநைட்." அவர் திரும்பி வந்த பிறகு அதே மகள் மறுபடி அழைத்தால்: "ஹி'ஸ் பீன் டு தியேட்டர், அண்ட் ஹி'ஸ் பேக் ஆன் த வார்டு." பீன் என்ற சொல் காதில் விழுந்ததுமே அவள் மூச்சு விடுவாள்.

தொலைபேசியில் இது இவ்வளவு கூர்மையாக இருப்பதற்குக் காரணம், அவளால் பார்க்க முடியாது. நேரில் நிற்பவரிடம் தவறு செய்தால் கட்டிலைக் கண்டு அவரே சரிசெய்துகொள்வார். தொலைபேசியில் உன் வினைச்சொல் ஒன்றுதான் அவளுக்குக் கண். ஓ.இ.டி. பேச்சுத் தேர்விலும் நோயாளியோடோ உறவினரோடோ பேசும் இரண்டு காட்சிகளை உன்னை நடிக்க வைக்கிறார்கள். அங்கே உன்னிடம் எதிர்பார்ப்பது வசீகரமான உச்சரிப்பு இல்லை. எதிரே இருப்பவருக்கு நீ சொல்வது பிசகாமல் புரிகிறதா என்பதைப் பார்க்கிறார்கள். நீ தமிழ் ஒலியோடு பேசினாலும் பீன், கான் இரண்டும் தத்தம் இடத்தில் நின்றால் போதும்.

இன்னும் ஒரு படி இறங்குவோம். "கான்" கூட "டு" இல்லாமல் "ஹோம்" வந்தால் வார்டில் அதற்கு ஒரு தனிப்பொருள் உண்டு. "பெட் ஃபோர் ஹேஸ் கான் ஹோம்" என்றால் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார். கட்டிலைத் துடைத்து அடுத்தவருக்குத் தயார் செய்யலாம். "பெட் ஃபோர் ஹேஸ் பீன் ஹோம்" என்றால் வார இறுதிக்கு வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிவிட்டார். கட்டில் அவருடையதுதான். ஹோம், ஹியர், தேர் ஆகிய சொற்களுக்கு முன் "டு" போடாதே. "பீன் டு ஹோம்" என்பது நம் "வீட்டுக்கு" என்ற நான்காம் வேற்றுமை நம் கையைப் பிடித்து இழுப்பதால் வருவது.

"பீன்" எதையும் பின்னால் கொள்ளாமல் தனியாக நிற்பதும் உண்டு. சீனியர் நர்ஸ் உன்னிடம் "ஹேஸ் த டாக்டர் பீன்?" என்று கேட்டால் திகைக்காதே. "டாக்டர் வந்துட்டுப் போயிட்டாங்களா?" என்பதுதான் கேள்வி. நீ "த டாக்டர் ஹேஸ் கம்" என்று சொன்னால், டாக்டர் இப்போது இங்கே நிற்கிறார் என்று ஆகும். டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துக் கிளம்பிவிட்டால் "யெஸ், ஷி'ஸ் பீன்" என்று சொல். வந்து இங்கேயே இருப்பது "கம்". வந்து போனது "பீன்". தமிழில் இதைச் சொல்ல நமக்கு மூன்று வினைகள் வேண்டும். அங்கே ஒரு குட்டிச் சொல் அவ்வளவையும் சுமக்கிறது. இதே சொல்லால் காலையில் நோயாளியிடம் "ஹேவ் யூ பீன் டுடே?" என்று கேட்டால் மலம் கழித்தாயா என்று கேட்பதாக அர்த்தம். டெல்லி, லண்டன் என்று மனப்பாடம் செய்தவள் இந்தக் கேள்விக்கு "வேர்?" என்று திருப்பிக் கேட்டுவிடுவாள். நீ அதை முதல் நாளே தெரிந்துகொண்டு வார்டுக்குள் நட.

அடுத்தது, என் பார்வையில் இதைவிட ஆழமாக வேரோடிய தவறு. நாம் "நேற்று ஸ்கேனுக்குப் போயிருந்தார்" என்று சொல்கிறோம். போனார், வந்துவிட்டார், அந்த விஷயம் முடிந்தது என்பதை "போயிருந்தார்" அழகாகச் சொல்லிவிடுகிறது. அதை அப்படியே ஆங்கிலத்தில் வைத்தால் "ஹி ஹேட் கான் ஃபார் எ ஸ்கேன் எஸ்டர்டே" என்று வரும். இந்த "ஹேட்" இந்தியா முழுக்கப் பரவிக் கிடக்கிறது. பிரிட்டனில் கேட்பவர் இன்னொரு நிகழ்ச்சிக்காகக் காத்திருப்பார்: ஸ்கேனுக்குப் போயிருந்தபோது வேறு என்ன நடந்தது? அந்த "ஹேட்" கடந்த காலத்தின் ஒரு சம்பவத்துக்கும் முந்திய சம்பவத்தைச் சொல்வதற்கு. பக்கத்தில் இன்னொரு சம்பவம் இல்லையென்றால் அதற்கு அங்கே வேலை இல்லை. நேற்று என்று சொன்னாயா, திங்கட்கிழமை என்று சொன்னாயா, "ஹி வென்ட் ஃபார் எ ஸ்கேன் எஸ்டர்டே" என்று எளிமையாக முடி. "ஹேஸ் பீன்"-ஐயும் நேற்றோடு சேர்க்காதே. முடிந்துபோன நாளையோ தேதியையோ வாயில் எடுத்தால் "ஹேஸ்", "ஹேவ்" இரண்டும் விலகி நிற்க வேண்டும்.

காலை பத்து மணிக்கு "ஹி ஹேஸ் பீன் டு எக்ஸ்-ரே திஸ் மார்னிங்" என்று சொல்லலாம். காலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இரவு எட்டு மணிக்கு ஒப்படைக்கும்போது அந்தக் காலைப்பொழுது முடிந்த கதை. "ஹி வென்ட் டு எக்ஸ்-ரே திஸ் மார்னிங்." ஒரே செய்தி, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டின் ஒரு முனையில் ஒரு வடிவம், மறுமுனையில் வேறு வடிவம். கடிகாரத்தைப் பார்த்துப் பேச உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மருந்து கொடுப்பது முழுக்க அப்படித்தானே?

மருத்துவமனையில் இருப்பதைச் சொல்லும்போது "பீன்" இன்னொரு துணையோடு வருகிறது. "ஹி ஹேஸ் பீன் டு ஹாஸ்பிடல்" என்றால் போய்வந்தார். "ஹி ஹேஸ் பீன் இன் ஹாஸ்பிடல் ஃபார் த்ரீ டேஸ்" என்றால் மூன்று நாளாக உள்ளே இருக்கிறார், இப்போதும் இருக்கிறார். "டு" என்பது பயணம். "இன்" என்பது தங்கல். நாம் இதைத் தமிழில் "மூணு நாளா ஆஸ்பத்திரியில் இருக்கார்" என்று நிகழ்காலத்தில் சொல்வதால், "ஹி இஸ் இன் ஹாஸ்பிடல் சின்ஸ் த்ரீ டேஸ்" என்று வந்துவிடுகிறது. அதில் இரண்டு இடங்கள் மாற வேண்டும். "இஸ்" போய் "ஹேஸ் பீன்" வர வேண்டும். மூன்று நாள் என்ற அளவுக்கு "ஃபார்", திங்கட்கிழமை என்ற தொடக்கப் புள்ளிக்கு "சின்ஸ்". "ஃபார் த்ரீ டேஸ்", "சின்ஸ் மண்டே". இதை வாய்விட்டு முப்பது தடவை சொல்லு. கூச்சப்படாதே. ஊசி போடக் கற்றபோது முதல் தடவையே கை நிலைத்து நின்றதா?

ஓ.இ.டி. எழுத்துத் தேர்வில் நீ எழுதப் போவது பெரும்பாலும் ஒரு பரிந்துரைக் கடிதம் அல்லது டிஸ்சார்ஜ் கடிதம். நாற்பத்தைந்து நிமிடம், அதில் முதல் ஐந்து நிமிடம் குறிப்புகளை வாசிக்க. அந்தக் குறிப்பில் "சர்க்கரை நோய், 2015" என்று ஒரு வரி இருக்கும் என்று வை. அதை ஒருத்தி "ஹி ஹேஸ் பீன் டயக்னோஸ்ட் வித் டயபெட்டிஸ் இன் 2015" என்று எழுதுகிறாள். 2015 என்ற ஆண்டு வந்த உடனே "ஹேஸ்" வெளியேற வேண்டும் என்று இப்போது உனக்குத் தெரியும். "ஹி வாஸ் டயக்னோஸ்ட் வித் டயபெட்டிஸ் இன் 2015." கண்டுபிடித்தது ஒரு நாளில் நடந்தது, முடிந்தது. ஆனால் நோய் முடியவில்லை. அதைச் சொல்ல "ஹி ஹேஸ் ஹேட் டயபெட்டிஸ் சின்ஸ் 2015." "ஹி ஹேட் டயபெட்டிஸ்" என்று விட்டுவிட்டால் இப்போது இல்லை என்று படிக்கும் மருத்துவர் நினைக்கலாம். இந்த ஒரு "ஹேஸ்" விழுந்துபோனால் கடிதத்தைப் படிப்பவர் ஒரு நோயையே வரலாறாக்கிவிடுவார்.

இதேபோலச் சம்பவமும் நிலையும் பிரியும் இடங்கள் வார்டில் நிறைய. மனைவியை இழந்த முதியவரைப் பற்றி எழுதும்போது "ஹிஸ் வைஃப் ஹேஸ் டைட் த்ரீ இயர்ஸ் அகோ" என்று எழுதாதே. "அகோ" வந்தாலே எளிய இறந்தகாலம்: "ஹிஸ் வைஃப் டைட் த்ரீ இயர்ஸ் அகோ." அவர் மூன்று வருடமாகத் தனியாக இருப்பதைச் சொல்ல வேண்டுமானால் "ஹி ஹேஸ் லிவ்ட் அலோன் ஃபார் த்ரீ இயர்ஸ்." இறப்பு ஒரு நாளில் நடந்தது, தனிமை இன்றும் தொடர்கிறது. அவர் வீடு திரும்பினால் யார் பார்த்துக்கொள்வார் என்று சமூகப் பணியாளர் யோசிக்க வேண்டிய இடம் அந்த இரண்டாவது வாக்கியம்தான்.

கடைசி இணை: வாந்தி. வார்டில் இதைவிட அடிக்கடி வரும் சொல் எனக்குத் தெரியவில்லை. "ஷி ஹேஸ் வாமிட்டட் த்ரீ டைம்ஸ்" என்றால் எண்ணிக்கை. "ஷி ஹேஸ் பீன் வாமிட்டிங் சின்ஸ் சிக்ஸ் திஸ் மார்னிங்" என்றால் ஓட்டம்: ஆறு மணிக்குத் தொடங்கியது, இன்னும் நிற்கவில்லை அல்லது இப்போதுதான் நின்றது. எண்ணிக்கை வந்தால் "வாமிட்டட்", நேரம் ஓடினால் "வாமிட்டிங்". இரண்டையும் கலந்து "ஹேஸ் பீன் வாமிட்டிங் த்ரீ டைம்ஸ்" என்று சொல்லாதே. நமக்குத் தமிழில் "காலையிலிருந்து வாந்தி எடுக்கிறார்", "மூணு தடவை வாந்தி எடுத்திருக்கார்" என்று இரண்டு வாக்கியங்களும் தனித்தனியாகவே இருக்கின்றன. இங்கே தமிழ் உன் பக்கம் நிற்கிறது.

மருந்திலும் அப்படித்தான். "ஷி ஹேஸ் டேக்கன் ஹர் ஆன்டிபயாட்டிக்" என்றால் இந்த வேளை மருந்து உள்ளே போய்விட்டது. "ஷி ஹேஸ் பீன் டேக்கிங் ஆன்டிபயாட்டிக்ஸ்" என்றால் சில நாளாக ஒரு தொடர் ஓடுகிறது. இந்த வேளை கொடுத்தாயிற்றா என்று அதில் தெரியாது. கேட்பவள் மருந்துத் தாளைச் சரிபார்த்துத்தான் கொடுப்பாள், கொடுக்க வேண்டும். ஆனாலும் உன் வாக்கியம் அவளைத் தாளின் சரியான வரிக்கு அழைத்துப் போக வேண்டும். தவறான வரிக்குத் தள்ளக் கூடாது.

இந்த விதிகளுக்கு எல்லைகள் உண்டு. தெரியாமல் போனால் ஒரு நாள் யாராவது வேறுவிதமாகப் பேசக் கேட்டு நீயே உன்னைச் சந்தேகப்படுவாய். "ஷி ஹேஸ் கான் டு எவ்ரி அப்பாயின்ட்மென்ட்" என்பது நல்ல ஆங்கிலம்தான், அவள் எல்லாவற்றிலிருந்தும் திரும்பி வந்திருந்தாலும். ஒன்றுவிடாமல் போய்க் கலந்துகொண்டதைச் சொல்லும்போது "கான்" வருவதுண்டு. அமெரிக்கர்கள் "ஹேவ் யூ எவர் கான் டு சிகாகோ?" என்று கேட்பதும் காதில் விழும். "ஹேஸ் த டாக்டர் பீன்?" என்ற தனி "பீன்" பிரிட்டன் வழக்கு; அமெரிக்காவுக்குப் போகும் பிள்ளைகள் அதை எதிர்பார்க்க வேண்டாம். "இன் ஹாஸ்பிடல்" என்பதைக்கூட அவர்கள் "இன் த ஹாஸ்பிடல்" என்பார்கள். "ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்", "ஐ ஹேவ் பீன் லிவிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்" இரண்டுக்கும் வித்தியாசம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாதே; பெரும்பாலும் இல்லை. லிவ், வொர்க் போன்ற வினைகளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் சமாதானமாக வாழ்கின்றன. எங்கே வித்தியாசம் உயிரைத் தொடுகிறதோ அங்கே உன் கவனத்தைச் செலவழி.

இப்போது ஒரு முழு ஒப்படைப்பைச் சொல்லிப் பார்ப்போம். இரவு எட்டு மணி. ஏழாம் கட்டில், அறுபத்தெட்டு வயது. தமிழில் உன் மனசில் ஓடுவது: திங்கட்கிழமை சேர்ந்தார், மூணு நாளா இருக்கார், பத்து வருஷமா சர்க்கரை, இன்னைக்குக் காலையில் ஸ்கேனுக்குப் போயிருந்தார், மதியத்திலிருந்து வாந்தி, ரெண்டு தடவை எடுத்திருக்கார், டாக்டர் வந்துட்டுப் போயிட்டாங்க, இப்போ எக்ஸ்-ரேக்குப் போயிருக்கார்.

இதை இடுப்பை நிமிர்த்திக்கொண்டு சொல்: "ஹி வாஸ் அட்மிட்டட் ஆன் மண்டே, ஸோ ஹி'ஸ் பீன் இன் ஹாஸ்பிடல் ஃபார் த்ரீ டேஸ். ஹி'ஸ் ஹேட் டயபெட்டிஸ் ஃபார் டென் இயர்ஸ். ஹி வென்ட் ஃபார் அன் அல்ட்ராசவுண்ட் திஸ் மார்னிங். ஹி'ஸ் பீன் வாமிட்டிங் சின்ஸ் லஞ்ச், அண்ட் ஹி'ஸ் வாமிட்டட் ட்வைஸ். த டாக்டர்'ஸ் பீன். ஹி'ஸ் கான் டு எக்ஸ்-ரே, அண்ட் ஹி'ஸ் நாட் பேக் எட்."

எட்டு துண்டுத் தகவல்கள். "இருக்கார்" என்று தமிழில் திரும்பத் திரும்ப வந்த இடங்களில் ஆங்கிலம் வெவ்வேறு விதமாகப் பிரிந்து நின்றதைப் பார்த்தாயா? ஒவ்வொரு முறையும் நீ கேட்டுக்கொண்டவை அதே கேள்விகள்தான்: தேதி சொன்னேனா? இன்னும் நீடிக்கிறதா? எண்ணினேனா? திரும்பினாரா? நெஞ்சைப் பிசையும் இலக்கணம் எதுவும் இதில் இல்லை. கடைசி வாக்கியத்தில் "நாட் பேக் எட்" என்று சேர்த்ததைக் கவனி. "கான்" என்பதிலேயே அது அடங்கியிருக்கிறது என்றாலும் சேர்த்துச் சொன்னேன். களைத்துப்போன காதுக்கு ஒரு செய்தியை இரண்டு வழியில் கொடுப்பது நல்ல நர்சின் பழக்கம்.

அதேபோல நீ கேட்கும் பக்கம் இருக்கும்போதும் குனியாதே. அங்கே பிலிப்பைன்ஸ், நைஜீரியா, கேரளம், இங்கிலாந்தின் வடக்குப் பகுதி என்று எல்லா ஊர்க்காரர்களும் உன்னோடு வேலை செய்வார்கள். அவர்களும் களைப்பில் பீனையும் கானையும் மாற்றிப் போடுவார்கள். ஒருத்தி வேகமாக "பெட் டூ'ஸ் கான் டு தியேட்டர்" என்று சொல்லி அடுத்த கட்டிலுக்குத் தாவுகிறாள். உன் தாளிலோ அவருக்கு மதியம் இரண்டு மணிக்கே அறுவை என்று இருக்கிறது. இப்போது இரவு எட்டு. உனக்குச் சந்தேகம். புதிதாக வந்தவள், ஆங்கிலம் புரியவில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொள்ளாதே. கையை உயர்த்து, அவள் பேச்சை நிறுத்து, கேள்: "சாரி, பெட் டூ. ஹேஸ் ஹி கான், ஆர் ஹேஸ் ஹி பீன்? இஸ் ஹி பேக்?"